பிரெட்டையும் சீஸையும் தண்ணீரைக் கழித்து ஒப்பிடுவது: உலர் எடையில் புரதக் கணக்கு

100 கிராம் காட்டேஜ் சீஸில் புரதம் சுமார் 11 கிராம். முழுக்கோதுமை பிரெட்டில் சுமார் 12.5 கிராம். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் சீஸைவிட பிரெட்தான் புரதத்தில் பணக்காரர் என்று தோன்றும். உண்மையில் அந்தச் சீஸின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பிரெட்டில் தண்ணீர் ஐந்தில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. தண்ணீரை இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டுப் பார்த்தால் சீஸில் புரதம் 55%, பிரெட்டில் 20%. கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் போடும் வழியைப் பற்றியது. கணக்கு என்னவோ ஒரே ஒரு வகுத்தல்தான். ஈரப்பதத்தைச் சரியாகப் பிடிப்பதிலும், வந்த விடையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதிலும்தான் வேலை இருக்கிறது.

(இங்கே காட்டேஜ் சீஸ் என்பது மேலை நாடுகளில் டப்பாவில் வரும், சிறு சிறு கட்டிகளாகக் குழைவாக இருக்கும் சீஸ். நம் ஓட்டல் மெனுக்களில் பனீருக்கும் இதே பெயரைப் போடுவார்கள். பனீரைப் பிறகு தனியாகப் பார்க்கலாம்.)

## உலர் எடை என்றால் என்ன

ஒரு பிரெட் துண்டு 30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை பிரெட்டில் 100 கிராமுக்குப் புரதம் 8.8 கிராம் என்றால் இந்தத் துண்டில் 2.64 கிராம். இதை டோஸ்டரில் போட்டு எடுத்தால் எடை 26 கிராமாக இறங்குகிறது. போனது ஏறக்குறைய முழுவதும் நீராவிதான், புரதம் அங்கேயே இருக்கிறது. ஆனால் சதவீதம் மாறிவிட்டது: 2.64-ஐ 26-ஆல் வகுத்தால் 10.2%. டோஸ்ட் போட்டதால் பிரெட்டில் புரதம் கூடிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டோம், ஆனால் லேபிள் கணக்கு அப்படித்தான் காட்டும்.

உலர் எடையில் இந்தக் குழப்பம் வராது. அந்தத் துண்டில் தண்ணீர் நீங்கலான பொருள் சுமார் 19 கிராம். டோஸ்ட் போடுவதற்கு முன்னும் அதே 19, பின்னும் அதே 19. 2.64-ஐ 19-ஆல் வகுத்தால் இரண்டு முறையும் ஏறக்குறைய 13.9% வரும்.

## முதல் படி: ஈரப்பதத்தைக் கண்டுபிடிப்பது

லேபிளில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எனும் கார்போஹைட்ரேட் எல்லாம் இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது. ஆனால் அதை லேபிளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். உணவில் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, சாம்பல், தண்ணீர் ஆகிய ஐந்தும் சேர்ந்து 100. சாம்பல் என்றால் எரித்த பின் மிஞ்சும் தாதுக்கள், பெரும்பாலும் உப்பும் கால்சியமும். அதுவும் லேபிளில் இருக்காது, ஆனால் பெரிதாக மாறாது. பிரெட்டுக்குச் சுமார் 2, செடார் போன்ற கெட்டியான சீஸுக்குச் சுமார் 4 என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வெள்ளை பிரெட்: புரதம் 8.8, கொழுப்பு 3.3, மொத்த மாவுச்சத்து 49.2, சாம்பல் 2. கூட்டினால் 63.3. மீதி 36.7 தண்ணீர்.

ஒரு செடார் சீஸ்: புரதம் 24, கொழுப்பு 33, மாவுச்சத்து 2, சாம்பல் 4. கூட்டினால் 63. மீதி 37 தண்ணீர்.

இங்கே கவனிக்க வேண்டியது நார்ச்சத்து. ஐரோப்பிய லேபிளில் மாவுச்சத்து எண்ணுக்குள் நார்ச்சத்து அடங்காது, தனி வரியாக இருக்கும், அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள்ளேயே நார்ச்சத்து அடங்கியிருக்கும், மறுபடி சேர்த்தால் இரட்டை எண்ணிக்கை. முழுக்கோதுமை பிரெட்டில் நார்ச்சத்து 6, 7 கிராம் வரை போகும் என்பதால் இந்தப் பிழை சின்னதல்ல. தண்ணீர் 30%க்குக் கீழே வந்தாலோ 45%க்கு மேலே போனாலோ, சாதாரணக் கடை பிரெட்டைப் பொறுத்தவரை, முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வரியைத்தான்.

இன்னொரு குழப்பம் பேக்கரிக்காரர்களின் சதவீதத்தால் வருவது. மாவில் 60% தண்ணீர் என்று அவர்கள் சொன்னால் 100 கிராம் மாவுக்கு 60 கிராம் தண்ணீர் என்று பொருள், மொத்த எடையில் 60% என்று பொருள் அல்ல. போதாததற்கு மாவிலேயே 12 முதல் 14% ஈரம் இருக்கிறது, வேகும்போது கொஞ்சம் ஆவியாகிவிடுகிறது. அந்த 60-ஐ எடுத்து 100-லிருந்து கழித்து உலர் பொருள் 40 என்று போட்டால் பிரெட்டின் புரதம் ஒரேயடியாக 22%க்குத் தாவிவிடும்.

## இரண்டாம் படி: வகுத்தல்

புரதத்தை உலர் பொருளால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உலர் பொருள் என்பது 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்தது. எக்செலில் B பத்தியில் புரதமும் C பத்தியில் ஈரப்பதமும் இருந்தால்:

```
=B2/(100-C2)*100
```

ஐந்து உணவுகளுக்குப் போட்டுப் பார்ப்போம். இவை உணவு அட்டவணைகளில் காணப்படும் வழக்கமான அளவுகள், கையிலிருக்கும் பாக்கெட்டில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

| உணவு | புரதம் (100 கிராமில்) | தண்ணீர் % | உலர் எடையில் புரதம் % |
|---|---|---|---|
| வெள்ளை பிரெட் | 8.8 | 36.7 | 13.9 |
| முழுக்கோதுமை பிரெட் | 12.5 | 38.7 | 20.4 |
| செடார் | 24 | 37 | 38.1 |
| காட்டேஜ் சீஸ் | 11.1 | 79.8 | 55 |
| கிரீம் சீஸ் | 6.2 | 52.6 | 13.1 |

இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்தது செடார் வரி. வெள்ளை பிரெட்டிலும் செடாரிலும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே லேபிளில் செடார் பிரெட்டைப்போல் 2.7 மடங்கு என்றால் உலர் எடையிலும் அதே 2.7 மடங்கு. இந்த ஜோடிக்கு உலர் கணக்கு போட்டதில் ஒரு பலனும் இல்லை. தொட்டுப் பார்த்தால் பிரெட் காய்ந்ததுபோலவும் சீஸ் ஈரமாகவும் இருக்கும், அதை வைத்து நாம் வேறு மாதிரி ஊகித்திருப்போம். பிரெட்டில் தண்ணீரை ஸ்டார்ச்சும் குளூட்டனும் பிடித்து வைத்திருக்கின்றன, நடுவே நிறையக் காற்றும் இருக்கிறது, அதனால் கைக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் விதி இதுதான்: இரண்டு உணவின் ஈரப்பதமும் அருகருகே இருந்தால் லேபிளே போதும். இடைவெளி பெரிதாகும்போதுதான் உலர் கணக்கு அவசியம். காட்டேஜ் சீஸில் அது விடையையே மாற்றியது. கிரீம் சீஸில் வேறு விதமாக: லேபிளில் வெள்ளை பிரெட்டைவிடக் குறைவாக இருந்தது, உலர் எடையில் கிட்டே வந்தாலும் தாண்டவில்லை. சீஸ் என்ற பெயர் இருப்பதாலேயே புரதம் அதிகம் என்று நினைப்பவர்கள் அந்த வரியை இன்னொரு முறை பார்க்கலாம்.

## ஈரம் அதிகமானால் பிழையும் அதிகம்

ஈரப்பதத்தில் இரண்டு புள்ளி தவறிவிட்டது என்று வைப்போம். வெள்ளை பிரெட்டில் 36.7-க்குப் பதில் 38.7 என்று எடுத்தால் விடை 13.9-லிருந்து 14.4-க்குப் போகும். பரவாயில்லை. காட்டேஜ் சீஸில் 79.8-க்குப் பதில் 81.8 என்று எடுத்தால் 55 என்பது 61 ஆகிவிடும். அதே இரண்டு புள்ளிதான். ஆனால் அங்கே வகுக்கும் எண் வெறும் 20, அதில் 2 என்பது பத்தில் ஒரு பங்கு.

ஆகவே ஈரமான சீஸுக்கு லேபிளிலிருந்து கழித்தெடுத்த ஈரப்பதத்தை வைத்துத் தசம இடம் வரை எழுதுவதில் அர்த்தமில்லை. 50-க்கும் 60-க்கும் இடையே என்று சொன்னால் நேர்மையாக இருக்கும். லேபிளில் புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் முழு எண்ணாகச் சுருக்கியிருந்தால் அந்தச் சுருக்கல்கள் எல்லாம் சேர்ந்து தண்ணீர் எண்ணில்தான் வந்து விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

## நேரடியாக உலர்த்தி எடை போடுவது

லேபிள் இல்லாத பேக்கரி பிரெட், தெருமுனைக் கடையில் வெட்டிக் கொடுக்கும் சீஸ் என்றால் ஈரப்பதத்தை அளந்துதான் ஆக வேண்டும். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். ஒரு கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் 10 கிராம் துண்டை வைத்து அளந்தால் தராசின் தயக்கமே பத்து சதவீதம்.

பிரெட்டுக்கு: ஒரு தட்டை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, அதில் 50 கிராம் பிரெட்டை ஓரம் நடு இரண்டும் கலந்து, உதிர்த்துப் பரப்ப வேண்டும். மேல்தோலில் ஈரம் குறைவு, நடுவில் அதிகம் என்பதால் நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் விடை தவறும். பாக்கெட்டிலிருந்து எடுத்த உடனே எடை போட வேண்டும், உதிர்த்து முடித்த பிறகு அல்ல. உதிர்க்கும் நேரத்திலேயே ஈரம் போக ஆரம்பித்துவிடும். ஆய்வுக்கூடங்களில் பிரெட்டை இரண்டு கட்டமாக உலர்த்துவதற்குக் காரணமே இதுதான்: முதலில் திறந்த காற்றில் காயவிட்டு எடை இழப்பைக் குறித்துக்கொள்வார்கள், அப்புறம்தான் அரைத்து ஓவனில் வைப்பார்கள்.

ஓவன் 100 முதல் 105 டிகிரி செல்சியஸ். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஆறவைத்து எடை போட வேண்டும். மறுபடி அரை மணி ஓவன், மறுபடி எடை. இரண்டு எடைக்கும் வித்தியாசம் 0.1 கிராமுக்குள் வரும்வரை இப்படியே. 50 கிராம் 31.8-இல் நின்றால் உலர் பொருள் 63.6%, தண்ணீர் 36.4%.

திறந்தபடி ஆறவைத்தால் நன்றாகக் காய்ந்த பிரெட் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். தராசில் வைத்திருக்கும்போதே எண் மெல்ல ஏறுவதைப் பார்த்தால் அதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் தெரியும். எதிர்ப்பக்கத் தவறு சூடு அதிகமாவது. வீட்டு ஓவனின் திருகில் எழுதியிருக்கும் டிகிரியை நம்ப முடியாது. பிரெட்தூள் நன்றாகச் சிவந்து கருகிய வாசனை வந்தால் தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், எடை இறங்கிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது.

சீஸ் இன்னும் சிரமம். அப்படியே வைத்தால் உருகி, மேலே ஒரு தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். எடை நின்றுவிட்டதுபோல் இருக்கும், ஆனால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதற்காகக் கழுவி உலர்த்திய மணலைக் கலந்து 102 டிகிரியில் உலர்த்துவார்கள். மணல் சீஸைப் பிரித்து வைத்து ஆவி வெளியேற வழி கொடுக்கும். வீட்டிலும் அதையே செய்யலாம்: துருவிய சீஸ் 5 கிராமுக்கு அதைப்போல் நான்கைந்து மடங்கு மணல், முதலில் தட்டும் மணலும் சேர்ந்த எடை, பிறகு சீஸோடு எடை. ஆனால் 5 கிராமுக்கு 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். அது இல்லையென்றால், பாக்கெட் சீஸ் என்றால் லேபிள் வழியே மேல்.

## தண்ணீர் போன பிறகு மறைப்பது கொழுப்பு

உலர் எடையில் காட்டேஜ் சீஸ் 55, செடார் 38. அப்படியானால் செடாரில் பால்புரதம் குறைந்துவிட்டதா? இல்லை. தண்ணீர் செய்த வேலையை அங்கே கொழுப்பு செய்கிறது. செடாரின் 63 கிராம் உலர் பொருளில் பாதிக்கு மேல், 33 கிராம், கொழுப்பு. அதுவும் புரதத்தை நீர்க்கச் செய்கிறது, ஆவியாகாது என்பதுதான் வித்தியாசம்.

தண்ணீரோடு கொழுப்பையும் கழித்துப் பார்க்கலாம். செடாரில் மிஞ்சுவது 30 கிராம், அதில் புரதம் 24, அதாவது 80%. காட்டேஜ் சீஸில் கொழுப்பு 4.3, மிஞ்சுவது 15.9, அதில் புரதம் 11.1, சுமார் 70%. வரிசை மறுபடி மாறிவிட்டது! காரணம் லாக்டோஸ். காட்டேஜ் சீஸில் தங்கியிருக்கும் தண்ணீரில் இந்தப் பால் சர்க்கரை கரைந்திருக்கிறது. செடாரில் பால் திரிந்து பிரியும் நீரை வடித்து, திரண்ட கட்டியை அடுக்கி அழுத்திவிடுவார்கள், மிச்ச லாக்டோஸைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. வெள்ளை பிரெட்டிலோ இந்தக் கழித்தல் எதையும் பெரிதாக மாற்றாது: 60 கிராமில் 8.8, சுமார் 14.7%. பிரெட்டில் புரதத்தை நீர்க்கச் செய்வது ஸ்டார்ச், அதைக் கழித்தால் பிரெட்டே இல்லை.

ஆகவே உலர் எடை தண்ணீரின் விளைவை மட்டும்தான் நீக்கும். புரதச் செறிவு என்ற கேள்விக்கு அது முழு விடை அல்ல.

## பனீர் லேபிளைச் சோதிக்க ஒரு குறுக்குவழி

சீஸ் வியாபாரத்தில் உலர் எடை புதிதல்ல. கௌடா சீஸில் 48+ என்று போட்டிருப்பது உலர் பொருளில் குறைந்தது 48% கொழுப்பு என்பதைத்தான் சொல்கிறது. மொத்த எடையில் அது 30% பக்கம்தான் வரும். இந்தியாவில் பனீருக்கான தரமும் இதே முறைதான்: ஈரப்பதம் 60%க்கு மிகாமல், பால் கொழுப்பு உலர் பொருளில் 50%க்குக் குறையாமல்.

இரண்டாவது நிபந்தனையிலிருந்து ஒரு விஷயம் தானாக வருகிறது. உலர் பொருளில் பாதி கொழுப்பு என்றால், மீதிப் பாதிக்குள் புரதம், லாக்டோஸ், சாம்பல் மூன்றும் அடங்க வேண்டும். ஆகவே முழுக்கொழுப்புப் பனீரில் புரத எண் கொழுப்பு எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். புரதம் 18, கொழுப்பு 23, மாவுச்சத்து 2, சாம்பல் 2 என்றால் உலர் பொருள் 45, கொழுப்பு அதில் 51%, புரதம் 40%. சரியாகப் பொருந்துகிறது. புரதம் 25, கொழுப்பு 20 என்று ஒரு பாக்கெட்டில் போட்டிருந்தால் அது கொழுப்பு குறைத்த வகையாக இருக்க வேண்டும், அல்லது புரதம் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும், அல்லது எண் தவறு. எந்த ஓவனும் தேவையில்லை, கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

## புரதம் என்ற எண் எங்கிருந்து வருகிறது

ஆய்வுக்கூடம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்குகிறது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. பெருக்கும் எண் கோதுமைக்கு 5.7, பாலுக்கு 6.38, பொதுவாக 6.25. ஐரோப்பிய லேபிள் விதி எல்லா உணவுக்கும் 6.25 என்கிறது, உணவு அட்டவணைகள் பெரும்பாலும் தனித்தனி எண்ணைப் பயன்படுத்தும்.

நைட்ரஜன் 1.55% உள்ள பிரெட்டுக்கு 5.7-ஆல் பெருக்கினால் 8.8, 6.25-ஆல் பெருக்கினால் 9.7. சீஸில் திசை எதிர்: 24 என்பது 23.5 ஆகும். பிரெட்டுக்கு ஐரோப்பிய லேபிளையும் சீஸுக்கு அட்டவணையையும் எடுத்து ஒப்பிட்டால், தண்ணீரை எவ்வளவு கவனமாகக் கழித்தாலும் இந்த வித்தியாசம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இரண்டு எண்ணையும் ஒரே வகை மூலத்திலிருந்து எடுப்பதுதான் வழி.

## சாப்பாட்டுக் கணக்குக்கு

உலர் எடை பொருளைப் புரிந்துகொள்ள உதவும் அளவு. தட்டில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதற்கு உதவாது, ஏனென்றால் யாரும் உலர்ந்த காட்டேஜ் சீஸைச் சாப்பிடுவதில்லை. அங்கே 100 கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் என்று பார்ப்பது மேல். தண்ணீருக்குக் கலோரி இல்லை என்பதால் அந்தக் கணக்கில் தண்ணீர் தானாகவே விலகிவிடும், ஈரப்பதம் தெரிய வேண்டியதும் இல்லை. கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி என்பதால் அதன் பங்கும் உள்ளே வந்துவிடும்.

காட்டேஜ் சீஸில் 100 கலோரிக்கு 11 கிராம் புரதம், செடாரில் 6, வெள்ளை பிரெட்டில் 3.3, கிரீம் சீஸில் 1.8. முழுக்கோதுமை பிரெட்டில் 5. உலர் எடையில் அந்த பிரெட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக நின்ற செடார், கலோரிக்குக் கலோரி வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு கிராம்தான் முன்னால் நிற்கிறது.